இதை எங்கே படித்தீர்கள்? செயல்திட்ட அறிக்கையின் கடைசிப் பக்கம் பற்றிச் சில கேள்விகள்

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களின் செயல்திட்ட அறிக்கைகளில் முதல் பக்கம் பெரும்பாலும் கண்ணைக் கவரும். வண்ண எழுத்தில் தலைப்பு, பள்ளியின் முத்திரை, வழிகாட்டிய ஆசிரியரின் பெயர் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கடைசிப் பக்கத்துக்கு வந்தால் 'நூற்பட்டியல்' என்ற தலைப்பின் கீழ் மூன்றே வரிகள்: கூகுள், விக்கிப்பீடியா, பாடப்புத்தகம். அறிக்கையைக் கட்டும் முந்தைய இரவில் எழுதப்பட்ட வரிகள் என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும்.

அந்தப் பக்கத்தை எப்படி எழுதுவது என்று மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பதில்கள் அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே ஒரு செயல்திட்டத்தை வைத்துப் பார்ப்போம். பதினோராம் வகுப்பு வரலாற்று மாணவி ஒருவர் 'கீழடியில் கிடைத்த எழுத்துப் பொறித்த பானை ஓடுகள்' என்ற தலைப்பை எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடநூலைப் படித்திருக்கிறார், நூலகத்தில் இரண்டு நூல்களைப் புரட்டியிருக்கிறார், இணையத்தில் தேடியிருக்கிறார், ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழடி அருங்காட்சியகத்துக்கும் போய்வந்திருக்கிறார். இனி அவர் பட்டியல் எழுத வேண்டும்.

கூகுளில் தேடித்தானே எடுத்தேன். 'கூகுள்' என்று எழுதினால் என்ன தவறு?

கூகுள் உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. சொன்னவர் இருக்கும் இடத்தைக் காட்டியது, அவ்வளவுதான். உங்கள் அறிக்கையைப் படிக்கும் ஆசிரியர் அந்த வரியை நம்பி கூகுளைத் திறந்தால் அவர் எதிரே இருப்பது ஒரு வெற்றுத் தேடல் கட்டம். கடித உறையின் மேல் 'தமிழ்நாடு' என்று மட்டும் எழுதித் தபால் பெட்டியில் போட்டது போலத்தான் இது.

நூற்பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு சோதனை போதும். உங்களை அறியாத ஒருவர் அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு, நீங்கள் கையில் எடுத்த அதே நூலின் அதே பதிப்பை, நீங்கள் பார்த்த அதே வலைப்பக்கத்தைச் சென்றடைய முடியுமா? முடியும் என்றால் அந்த வரி சரி. எந்த இடத்தில் காற்புள்ளி, எந்த இடத்தில் முற்றுப்புள்ளி என்பதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

ஒரு செய்தியை நாளிதழில் படித்தேன். அது வேறொரு அறிக்கையிலிருந்து எடுத்ததாக அந்தச் செய்தியே சொல்கிறது. எதை எழுதுவது?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இதற்கு விடை தேடிப் போனால் பட்டியலோடு சேர்ந்து அறிக்கையும் திருந்தும்.

நம் மாணவி தன் அறிக்கையில், 'கீழடியின் பானை எழுத்துகள் கி.மு. 580ஆம் ஆண்டைச் சேர்ந்தவை' என்று எழுதியிருக்கிறார். எங்கே படித்தார்? ஒரு நாளிதழில். நாளிதழுக்கு எங்கிருந்து கிடைத்தது? தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கையிலிருந்து. அந்த அறிக்கை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அவர் ஒரு படி மேலே ஏறி அதையே எடுத்துப் பார்க்கிறார். அங்கே இருக்கும் செய்தி வேறு மாதிரி இருக்கிறது. அகழாய்வில் எடுத்த கரிமப் பொருள் மாதிரிகளை அமெரிக்காவில் மயாமி நகரிலுள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவற்றில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரியின் காலம்தான் கி.மு. 580 என்று வந்தது.

ஆக, கி.மு. 580 என்பது ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் கிடைத்த கரிமப் பொருளின் காலம். எழுத்துப் பொறித்த ஓடுகளின் காலமோ, அவை எந்த மண்ணடுக்கில் கிடைத்தன என்பதை இதனோடு ஒப்பிட்டு அறியப்படுவது. இரண்டும் தொடர்புடையவை, ஆனால் ஒன்றல்ல. மாணவி தன் வாக்கியத்தைத் திருத்துகிறார்: '353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டுள்ளது. இதைக் கொண்டு எழுத்துப் பொறித்த ஓடுகளின் காலத்தைத் தொல்லியல் துறை கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை கொண்டு செல்கிறது.' வாய்மொழித் தேர்வில் யார் எப்படிக் கேட்டாலும் இந்த வாக்கியம் நிற்கும். முதலில் எழுதியது நிற்காது.

இனி விதியைச் சொல்கிறேன். மூல அறிக்கையை நீங்களே பார்த்துவிட்டால் அதைப் பட்டியலில் எழுதுங்கள். அது கிடைக்கவில்லை, நாளிதழை மட்டுமே பார்த்தீர்கள் என்றால் நாளிதழை மட்டும் எழுதுங்கள். கட்டுரையின் உள்ளே 'தொல்லியல் துறை அறிக்கையை மேற்கோள் காட்டி இந்த நாளிதழ் தரும் செய்தி' என்று குறிப்பிடலாம். பார்க்காத அறிக்கையைப் பார்த்ததுபோல் பட்டியலில் சேர்ப்பது மட்டும் கூடாது. நாளிதழ் எங்காவது பிழை செய்திருந்தால் அந்தப் பிழையை நீங்கள் அரசு அறிக்கையின் தலையில் ஏற்றியவர் ஆகிவிடுவீர்கள்.

நாளிதழ்ச் செய்திக்குச் செய்தியாளர் பெயர் இருந்தால் பெயர், பிறகு செய்தியின் தலைப்பு, நாளிதழின் பெயர், எந்த ஊர்ப் பதிப்பு, தேதி, பக்க எண் என்று எழுத வேண்டும். ஊர்ப் பதிப்பு எதற்கு என்று தோன்றலாம். மதுரைப் பதிப்பில் வந்த கீழடிச் செய்தி சென்னைப் பதிப்பில் அதே பக்கத்தில் இருக்கும் என்று உறுதியில்லை, சில நேரம் இருக்கவே இருக்காது.

ஒரு நூலுக்கு என்னென்ன விவரம் வேண்டும்? அவை நூலில் எங்கே இருக்கும்?

அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். அட்டை விற்பனைக்காக வடிவமைக்கப்படுவது. தலைப்பு அதில் சுருங்கியிருக்கும், உபதலைப்பு விடுபட்டிருக்கும். உள்ளே திறந்தால் தலைப்புப் பக்கம் இருக்கும். நூலின் முழுத் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் ஆகியவற்றை அதிலிருந்து எடுக்க வேண்டும். அந்தத் தாளின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் பதிப்பு விவரங்கள் இருக்கும்: முதற்பதிப்பு எந்த ஆண்டு, இப்போது கையில் இருப்பது எத்தனையாவது பதிப்பு, பதிப்பகத்தின் முகவரி, விலை. ஆண்டை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். கைபேசி இருந்தால் இந்த இரண்டு பக்கங்களையும் படம் எடுத்துவிட்டுப் பிறகு படிக்க உட்காருங்கள். ஒரு இயலை மட்டும் நகல் எடுப்பதாக இருந்தால் தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து நகலெடுத்து மேலே வைத்துப் பின் போடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பெயரில்லாத நகல் எந்த நூலினுடையது என்று எடுத்தவருக்கே தெரியாது.

ஆண்டு எழுதும்போதுதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றி ஐராவதம் மகாதேவன் ஆங்கிலத்தில் எழுதிய 'ஏர்லி தமிழ் எபிகிராஃபி' என்ற நூலைப் பாருங்கள். முதலில் 2003இல் சென்னை க்ரியா பதிப்பகமும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்டன. பிறகு அவரே திருத்தி விரிவாக்கிய இரண்டாம் பதிப்பைச் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 2014இல் வெளியிட்டது. இரண்டும் ஒரே தலைப்பு, ஒரே ஆசிரியர். ஆனால் உள்ளடக்கமும் பக்க எண்களும் மாறியிருக்கின்றன. நீங்கள் 2014 பதிப்பைப் படித்துவிட்டுப் பட்டியலில் 2003 என்று எழுதினால், தேடிப் போகிறவர் பழைய பதிப்பில் நீங்கள் சொன்ன பக்கத்தைத் திறந்து திகைத்து நிற்பார். ஆகவே கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டையே எழுதுங்கள். முதற்பதிப்பு ஆண்டும் முக்கியம் என்று தோன்றினால் அடைப்புக்குறிக்குள் 'முதற்பதிப்பு 2003' என்று சேர்க்கலாம்.

மறு அச்சு என்பது வேறு. உள்ளே ஒரு எழுத்தும் மாறாமல் திரும்ப அச்சிட்டால் அது மறு அச்சு. மாற்றியமைத்து வெளியிட்டால் அது திருத்திய பதிப்பு. நூலின் பின்பக்கத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே நீங்களும் பயன்படுத்துங்கள்.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் மூல ஆசிரியர் பெயருக்குப் பிறகு மொழிபெயர்த்தவர் பெயரும் கட்டாயம் வர வேண்டும். நீங்கள் படித்த ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதியவர் அவர்தான்.

பாடப்புத்தகத்துக்கு யாரை ஆசிரியர் என்று போடுவது?

தமிழ்நாடு அரசுப் பாடநூலில் ஆசிரியர் குழு, மேலாய்வாளர், பாட வல்லுநர் என்று ஒரு பக்கம் நிறையப் பெயர்கள் இருக்கும். அத்தனை பேரையும் எழுத வேண்டியதில்லை. நூலை உருவாக்கித் தொகுத்தது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். அச்சிட்டு வெளியிடுவது தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம். நிறுவனத்தையே ஆசிரியர் இடத்தில் எழுதலாம். தனி ஆசிரியர் பெயர் இல்லாத எல்லா அரசு வெளியீட்டுக்கும் இது பொருந்தும். கீழடி அறிக்கையைத் தொல்லியல் துறையின் பெயரில் எழுதுவதும் இதனால்தான்.

பாடநூலிலும் பதிப்பு ஆண்டைக் கவனியுங்கள். பதினோராம் வகுப்பு நூலில் 'முதல் பதிப்பு 2018' என்று இருக்கும். அதன் அருகே திருத்திய பதிப்புகளின் ஆண்டுகள் வரிசையாக இருக்கும். அண்ணனிடமிருந்து வந்த பழைய புத்தகமும் பள்ளியில் கொடுத்த புதிய புத்தகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. எதைப் படித்தீர்களோ அதன் கடைசி ஆண்டை எழுதுங்கள். வகுப்பு, பாடம், தொகுதி எண் மூன்றும் விடுபடக்கூடாது.

'கடைசிப் பெயரை முதலில் எழுது' என்கிறார்கள். தமிழ்ப் பெயருக்கு எது கடைசிப் பெயர்?

அந்த விதி குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் சமூகங்களுக்காக எழுதப்பட்டது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. பெயருக்கு முன்னால் நிற்பது ஊரின் எழுத்து, அப்பா அல்லது அம்மா பெயரின் எழுத்து. பின்னால் நிற்பதுதான் அவருடைய சொந்தப் பெயர். அதனால் தமிழ்ப் பெயருக்குப் பின்பற்ற வேண்டியது எளிது: சொந்தப் பெயரை முதலில் எழுதி, காற்புள்ளி போட்டு, முன்னெழுத்துகளைப் பின்னால் வையுங்கள். உ. வே. சாமிநாதையர் பட்டியலில் 'சாமிநாதையர், உ. வே.' ஆகிறார். அவரை 'உ' வரிசையில் தேடினால் கிடைக்கக் கூடாது, 'சா' வரிசையில் கிடைக்க வேண்டும்.

முன்னெழுத்தைச் சுருக்காமல் முழுப் பெயராக வைத்திருப்பவர்களிடம் கவனம் வேண்டும். ஐராவதம் மகாதேவனில் ஐராவதம் என்பது அப்பாவின் பெயர். எனவே 'மகாதேவன், ஐராவதம்'. மயிலை சீனி. வேங்கடசாமியில் மயிலை என்பது ஊர். எனவே 'வேங்கடசாமி, மயிலை சீனி.'. கல்கி, புதுமைப்பித்தன் போன்ற புனைபெயர்களைப் பிரிக்கவே கூடாது, அப்படியே எழுதுங்கள். பட்டங்களை விட்டுவிடலாம். டாக்டர், பேராசிரியர், முனைவர் எதுவும் பட்டியலில் வேண்டாம்.

வெளிநாட்டு ஆசிரியர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும். 'இராசன்' என்றும் 'ராஜன்' என்றும் ஒருவர் பெயர் இரண்டு விதமாக வந்தால், உங்கள் கையிலுள்ள நூலின் தலைப்புப் பக்கத்தில் எப்படி இருக்கிறதோ அப்படி. உங்கள் விருப்பத்துக்குத் திருத்தாதீர்கள். நூலகப் பட்டியலில் தேடுகிறவருக்கு அந்த ஒரு எழுத்து மாறினாலே நூல் அகப்படாமல் போகலாம்.

ஆங்கில நூல்களை ஆங்கில எழுத்திலேயே எழுதித் தமிழ் நூல்களுக்குப் பிறகு தனி வரிசையாக வைப்பது நல்லது. அந்த நூலை யாரும் தமிழ் எழுத்தில் தட்டித் தேடப் போவதில்லை.

கணினியே அகர வரிசைப்படுத்திவிடுமே?

படுத்தும். ஆனால் தமிழ் அகர வரிசையில் படுத்தும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். யூனிகோடில் நம் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் எண் வரிசையில் 'ர'வுக்கு அடுத்து 'ற' வருகிறது, அதன் பிறகுதான் ல, ள, ழ, வ. சில மென்பொருள்கள் அந்த எண்களைப் பார்த்தே வரிசைப்படுத்துகின்றன. இலக்குவனார், இளங்குமரன், இறையன்பு என்று மூன்று ஆசிரியர்கள் உங்கள் பட்டியலில் இருந்தால் அகராதி வரிசையும் இதேதான். எண்களை மட்டும் பார்க்கும் கணினியோ இறையன்பைத் தூக்கி முதலில் வைத்துவிடும். 'ஜ'வில் தொடங்கும் பெயர்களையும் 'ச'வுக்கு அடுத்துக் கொண்டுவந்து நிறுத்தும். நம் அகராதிகளில் வடவெழுத்துகள் கடைசியில் வருவதே வழக்கம். பள்ளிச் செயல்திட்டத்தில் பத்துப் பதினைந்து வரிகள்தான் இருக்கும். ஒரு முறை கண்ணால் சரிபார்த்துவிடுங்கள்.

ஒரே ஆசிரியரின் இரண்டு நூல்கள் இருந்தால் ஆண்டு முந்தியது முதலில்.

இன்னொரு சிறு வசதி. வரி நீண்டு இரண்டாம் வரிக்குப் போகும்போது அது சற்று உள்ளே தள்ளித் தொடங்கினால் ஆசிரியர் பெயர்கள் மட்டும் இடது ஓரத்தில் துருத்திக்கொண்டு தெரியும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து Ctrl+T அழுத்தினால் போதும். இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டி இதைச் செய்தால் அச்செடுக்கும் கடையில் எழுத்துரு மாறியதும் எல்லாம் கலைந்துவிடும்.

வலைத்தளம், விக்கிப்பீடியா, யூடியூப் இவற்றை எப்படி எழுதுவது?

வலைத்தளத்தின் முகப்பு முகவரி போதாது; நீங்கள் படித்த அந்தப் பக்கத்தின் முழு முகவரி வேண்டும். அதற்கு முன்னால் எழுதியவர் அல்லது நிறுவனத்தின் பெயர், பக்கத்தின் தலைப்பு, வெளியிட்ட தேதி. கடைசியில் நீங்கள் பார்த்த தேதி. அச்சிட்ட நூல் மாறாது, வலைப்பக்கம் நாளையே மாறலாம், காணாமலும் போகலாம். 'பார்த்த நாள்' என்ற அந்த இரண்டு சொற்கள், அன்றைக்கு அந்தப் பக்கத்தில் இது இருந்தது என்று நீங்கள் தரும் வாக்குமூலம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் web.archive.org தளத்தில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சேமிக்கலாம். அன்றைய நிலையில் ஒரு பிரதி அங்கே பதிவாகி, அதற்கென்று தனி முகவரி கிடைக்கும்.

விக்கிப்பீடியாவைப் படிப்பதில் பிழையில்லை. ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது. கட்டுரையின் அடியில் 'மேற்கோள்கள்' என்ற பகுதியில் எண்ணிட்ட பட்டியல் இருக்கிறது. நீங்கள் எடுக்கப்போகும் வாக்கியத்தின் முடிவில் உள்ள எண்ணைச் சொடுக்கினால் அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்பது தெரியும். அங்கே போய்ப் படியுங்கள். படித்த பிறகு அதையே பட்டியலில் எழுதுங்கள். எண்ணே இல்லாத வாக்கியம் என்றால் அதை எடுக்காமல் இருப்பது நல்லது. விக்கிப்பீடியாவையே குறிப்பிட வேண்டியிருந்தால், பக்கத்தின் கருவிப் பட்டியலில் உள்ள 'நிலையான தொடுப்பு' என்பதைச் சொடுக்கி வரும் முகவரியை எழுதுங்கள். பிறகு யார் எத்தனை முறை திருத்தினாலும் நீங்கள் படித்த வடிவத்தை அது காட்டும்.

யூடியூப் காணொளிக்கு அலைவரிசையின் பெயர், காணொளியின் தலைப்பு, பதிவேற்றிய தேதி, முகவரி. ஒரு மணி நேரப் பேச்சில் ஒரு செய்தியை மட்டும் எடுத்திருந்தால் அது எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பதை அறிக்கையின் உள்ளே குறிப்பிடுங்கள். அறுபது நிமிடம் உட்கார்ந்து கேட்க எந்த ஆசிரியருக்கும் நேரம் இருக்காது.

அருங்காட்சியகத்தில் பார்த்ததும், பெரியவரிடம் பேசிக் கேட்டதும் நூல் இல்லையே?

நூல் இல்லைதான், சான்று. கொந்தகையில் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் நம் மாணவி ஒரு பானை ஓட்டையும் அதன் விளக்கப் பலகையையும் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார் என்றால், காட்சிப் பொருளின் பெயர், அருங்காட்சியகம், ஊர், பார்வையிட்ட தேதி என்று ஒரு வரி எழுத வேண்டும். பலகையிலிருந்த வாசகத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் கேள்வி வரும்போது காட்டலாம். படம் எடுக்க அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அகழாய்வுக் குழியில் வேலை செய்த ஒருவரிடமோ மண்பாண்டம் வனையும் ஒருவரிடமோ பேசியிருந்தால் அது நேர்காணல். அவருடைய பெயர், தொழில், ஊர், பேசிய தேதி, நேரிலா தொலைபேசியிலா என்பதை எழுத வேண்டும். 'உங்கள் பெயரை என் அறிக்கையில் போடலாமாங்க?' என்று கேட்ட பிறகுதான் பெயரை எழுத வேண்டும். அவர் வேண்டாம் என்றால் 'கீழடியைச் சேர்ந்த அகழாய்வுப் பணியாளர் ஒருவர்' என்று எழுதினால் போதும். கைபேசி எண்ணை எந்த நிலையிலும் எழுதாதீர்கள்.

இவ்வளவும் சேர்ந்தால் நம் மாணவியின் பட்டியலில் சில வரிகள் இப்படி அமையும். ஆண்டும் தேதியும் அவர் கையிலிருந்த பதிப்பையும் போய்வந்த நாளையும் பொறுத்தவை.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை. *கீழடி: வைகை நதிக்கரையில் சங்ககால நகர நாகரிகம்*. சென்னை, 2019.

மகாதேவன், ஐராவதம். *ஏர்லி தமிழ் எபிகிராஃபி*. திருத்தி விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், சென்னை, 2014.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். *வரலாறு: மேல்நிலை முதலாம் ஆண்டு*. தொகுதி 1. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம், சென்னை, 2018.

எழுத்துப் பொறித்த பானை ஓடு, காட்சிப் பொருளும் விளக்கப் பலகையும். கீழடி அருங்காட்சியகம், கொந்தகை. பார்வையிட்ட நாள்: …

இங்கே மகாதேவன் நூலைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அறிக்கையில் அதை ஆங்கிலத்திலேயே எழுதிக் கீழே தனியாக வையுங்கள். நூலின் தலைப்பு சாய்வெழுத்தில் இருக்கிறது. கையால் எழுதுகிறவர்கள் தலைப்பின் கீழ் கோடிடலாம்.

எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ. என்றெல்லாம் முறைகள் இருக்கின்றனவாமே? எது சரி?

இரண்டும் அமெரிக்கச் சங்கங்கள் வகுத்த முறைகள். மொழி, இலக்கியத் துறையினர் முன்னதையும் உளவியல், சமூக அறிவியல் துறையினர் பின்னதையும் அதிகம் பயன்படுத்துகிறார்கள். கண்ணில் படும் பெரிய வேறுபாடு, ஏ.பி.ஏ. முறையில் ஆண்டு ஆசிரியர் பெயருக்கு அடுத்தே வரும், எம்.எல்.ஏ. முறையில் கடைசிப் பக்கமாக வரும். பதிப்பித்த ஊரை இரண்டு முறைகளும் இப்போது கைவிட்டுவிட்டன. நம் பதிப்பகங்களில் பல சிறியவை என்பதால் ஊரை எழுதுவது நமக்கு இன்றும் உதவும் என்பது என் எண்ணம். உங்கள் ஆசிரியர் ஒரு முறையைச் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். சொல்லாவிட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைசி வரி வரை மாற்றாமல் எழுதுங்கள்.

படித்த எல்லாவற்றையும் எழுதலாமா? பட்டியல் நீளமாக இருந்தால் மதிப்பெண் கூடுமா?

பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் அறிக்கையின் உள்ளே ஒரு வேலை இருக்க வேண்டும். புள்ளிவிவரம், பிறர் கருத்து, பிறர் வாக்கியம், பிறர் எடுத்த படம், வரைபடம் எதைப் பயன்படுத்தினாலும் அந்த இடத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'மகாதேவன், 2014' என்பதுபோல் எழுதிப் பக்க எண்ணையும் சேர்த்துவிடுங்கள். பட்டியலில் முழு விவரம், உள்ளே பக்க எண். பக்கம் இல்லாமல் ஒரு தடித்த நூலின் பெயரை மட்டும் தந்தால் சரிபார்க்கிறவர் முழு நூலையும் படிக்க வேண்டியிருக்கும். சங்கப் பாடல் என்றால் பக்க எண்ணைவிடப் பாடல் எண் நல்லது. எந்தப் பதிப்பை எடுத்தாலும் அது மாறாது.

உள்ளே மேற்கோள் காட்டாவிட்டாலும் பின்னணி புரிந்துகொள்ளப் படித்த நூல் ஒன்றிரண்டைச் சேர்ப்பதில் தடையில்லை. சீனியர் அறிக்கையிலிருந்து பத்து நூல்களின் பெயரை எடுத்து ஒட்டுவதுதான் ஆபத்து. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வரும் ஆசிரியர் அந்தப் பட்டியலில் விரல் வைத்து, 'இந்தப் புத்தகம் எங்கே கிடைத்தது? இதிலிருந்து என்ன எடுத்தாய்?' என்றுதான் கேட்பார். உண்மையில் படித்த ஆறு நூல்களைப் பற்றி உங்களால் பேச முடியும். ஒட்டிய பத்தைப் பற்றி முடியாது. ஒட்டியதை அவர் வேறு வழியிலும் கண்டுபிடிப்பார்: சீனியர் செய்த எழுத்துப்பிழைகளும் கூடவே வந்திருக்கும்.

நூலில் ஆண்டே இல்லை. அல்லது 'விரோதி வருடம்' என்று இருக்கிறது. என்ன செய்வது?

பழைய தமிழ் நூல்களில் இது அடிக்கடி நேரும். தமிழ் ஆண்டுகளின் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருபவை. விரோதி என்றால் 1889ஆகவும் இருக்கலாம், 1949ஆகவும் இருக்கலாம், 2009ஆகவும் இருக்கலாம். தாளின் பழுப்பையும் எழுத்தின் வடிவத்தையும் முன்னுரையில் வரும் பெயர்களையும் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவுசெய்யலாம். மாதமும் கொடுத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சித்திரையில் தொடங்கும் ஆண்டில் தை பிறக்கும்போது ஆங்கில ஆண்டு மாறிவிடும். 1949இல் தொடங்கிய விரோதியின் மாசி மாதம் 1950இல்தான் வரும். எனவே நூலில் உள்ளபடி 'விரோதி வருடம், மாசி' என்று எழுதி, நீங்கள் கணக்கிட்ட ஆங்கில ஆண்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் தாருங்கள். சதுர அடைப்பு, இது நூலில் இல்லை, நான் சேர்த்தது என்பதற்கான அடையாளம். திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருந்தால் 31ஐக் கழியுங்கள், தி.பி. 2050 என்பது 2019.

எந்த ஆண்டும் இல்லையென்றால் 'ஆண்டு குறிப்பிடப்படவில்லை' என்றே எழுதுங்கள். ஆசிரியர் பெயர் இல்லாவிட்டால் நூலின் தலைப்பை முதலில் வைத்து அகர வரிசையில் சேருங்கள். ஊகித்து ஒரு எண்ணை நிரப்ப வேண்டாம்.

நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள், குறிப்பெடுக்க மறந்துவிட்டீர்கள், நாளை காலை அறிக்கை தர வேண்டும் என்றால் இன்னும் ஒரு வழி இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி ஒன்றைப் பதிப்பாளர்கள் அனுப்ப வேண்டிய நூலகங்களில் சென்னை கன்னிமாரா பொது நூலகமும் ஒன்று. 1954ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதுபோன்ற பெரிய நூலகங்களின் இணையப் பட்டியலிலோ tamildigitallibrary.in தளத்திலோ தலைப்பைத் தட்டிப் பாருங்கள்; பதிப்பகமும் ஆண்டும் பெரும்பாலும் கிடைக்கும். ஒரே நூலுக்கு இரண்டு மூன்று பதிப்புகள் அங்கே வந்தால் அட்டைப் படத்தையும் மொத்தப் பக்க எண்ணிக்கையையும் நினைவில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அப்படியும் எது என்று தெரியவில்லையென்றால் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம் மூன்றை மட்டும் எழுதி, 'பதிப்பு விவரம் சரிபார்க்கப்படவில்லை' என்று அந்த வரியின் முடிவில் சேர்த்துவிடுங்கள்.